நீலக் கவுனுக்கு நான் எழுதிய குறை

பழைய உடுப்பு விற்பவளை யாரும் எடுத்த எடுப்பில் நம்ப மாட்டார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை, நானே நம்ப மாட்டேன். தொண்ணூறுகளில் பதுளை பஜாரில் ஒரு தையல் கடையில் பத்து வருஷம் வேலை செய்தேன். துணியில் ஓட்டை விழுந்தால் அந்த முதலாளி அதன்மேல் ஒரு பூ தைக்கச் சொல்வார். தைத்துவிட்டு, பூ வேலைக்கென்று தனியாகக் கூலியும் கேட்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தையை நான் அங்கேதான் பார்த்தேன். ஒருநாள் வாடிக்கைக்காரி முன்னாலேயே, "அந்தப் பூவுக்குக் கீழ ஓட்டை இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த நாளில் அதுதான் என் பெருமையாகவும் இருந்தது.

பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்தேன். போன் பேச இரண்டு கூண்டு, ஒரு போட்டோக் கொப்பி மெஷின், நாளடைவில் இணையத்தோடு இரண்டு கம்ப்யூட்டர். பழக்கம் விடாமல் மூலையில் என் தையல் மெஷினும் இருந்தது. இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில்தான் பழைய உடுப்பு விற்கிற இணையப் பக்கத்தைத் தொடங்கினேன். வங்கியில் வேலை செய்த ஒரு பெண், இடம் மாறிப் போகும்போது நான்கு சேலையைக் கொண்டுவந்து, "அக்கா, இதை யாருக்காவது குடுத்துக் காசாக்கிக் குடுங்க" என்றாள். படம் எடுத்து, விவரம் எழுதி, இணையத்தில் ஒரு பக்கம் திறந்து போட்டேன். இரண்டு நாளில் நான்கும் போய்விட்டன. அதற்குப் பிறகு ஆசிரியைகள், ஆஸ்பத்திரித் தாதிமார், அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்கிற பெண்கள் என்று ஒவ்வொருவராகப் பையோடு வர ஆரம்பித்தார்கள்.

எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். படம் காலை வெளிச்சத்தில், கடை வாசலில், ஹேங்கரில் தொங்கவிட்டுத்தான் எடுப்பேன். பிளாஷ் போட்டால் நரைத்த கறுப்பும் புதுக் கறுப்பாகிவிடும். முன்புறம், பின்புறம், கழுத்து, அக்குள், ஓரம் எல்லாவற்றுக்கும் தனிப் படம். லேபிளில் இருக்கிற சைஸை எழுதினாலும் அதை நம்ப மாட்டேன். மேசையில் விரித்து, அக்குளுக்கு அக்குள், தோளிலிருந்து ஓரம் வரை, நாடாவால் அளந்து எழுதுவேன். கறையோ கிழிசலோ இருந்தால் பக்கத்தில் ஒரு தீக்குச்சி வைத்துப் படம் எடுப்பேன், எத்தனை பெரிதென்று தெரிய வேண்டுமே. மணத்தையும் எழுதுவேன். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து வருகிற துணியில் விறகுப் புகை ஏறியிருக்கும், இரண்டு தரம் துவைத்தாலும் முழுதாகப் போகாது. அலமாரித் துணியில் பூச்சி உருண்டை மணக்கும்.

கடைசியாக ஒரு வரி. ஏன் விற்கிறார்கள் என்று. அதை நான் சேர்க்கக் காரணம் இருந்தது. எங்கள் ஆட்களுக்குப் பழைய துணி என்றாலே, செத்தவர் உடுத்ததோ, நோயாளி உடுத்ததோ என்ற பயம். கேட்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். 'உடம்பு வைத்துவிட்டது', 'நிறம் பிடிக்கவில்லை', 'கல்யாணத்துக்கு ஒரே மாதிரி இரண்டு வந்தது' என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்தப் பயம் போய்விடும். உண்மையைச் சொன்னால், நாளடைவில் சிலர் உடுப்புப் பார்க்க அல்ல, அந்த வரியைப் படிக்கத்தான் வந்தார்கள். எனக்கும் அது தெரியும். தெரிந்ததும் கொஞ்சம் ஜோடித்து எழுத ஆரம்பித்தேன். பொய் இல்லை, ஆனால் ருசி பார்த்து எழுதிய உண்மை.

அந்தப் பக்கத்தைத் தொடங்கிய புதிதில் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். கடைக் கம்ப்யூட்டரிலிருந்து யார் யாருக்கெல்லாம் மின்னஞ்சல் போயிருந்ததோ, அத்தனை முகவரிக்கும் பக்கத்தின் இணைப்பை ஒரே அழுத்தில் அனுப்பினேன். விளம்பரத்துக்குத்தான். வெளிநாட்டில் இருக்கிற தாய்மாருக்குப் பிள்ளைகளின் படத்தை அனுப்பிக் கொடுப்பதும் என் கடை வேலைகளில் ஒன்று என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

நமுனுகுல பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண் வருவாள். கொழுந்து பறிக்கிறவள், எங்கள் மாதா கோயிலுக்குத் திருநாள் பூசைக்கு வந்து பழக்கம். அவளுடைய அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். போகும்போது அக்காவின் மகளுக்கு ஐந்து வயது. இரண்டு வருஷ ஒப்பந்தம் என்று போனவள், ஒருமுறைகூட வராமல் அங்கிருந்தபடியே புதுப்பித்துப் புதுப்பித்து ஆறு வருஷத்தை ஓட்டிவிட்டாள். பிள்ளையின் அப்பா கொழும்பில் கடைச் சிப்பந்தி, வருஷத்தில் இரண்டு தரம் தலை காட்டுவார். பிள்ளையை வளர்த்தது இந்தச் சித்திதான்.

குவைத்திலிருந்து பெட்டி வரும். பால்மா, சவர்க்காரம், போர்வை, அதற்குள்ளே சுருட்டி வைத்த ஒரு கவுன். கப்பலில் வருகிற பெட்டி என்பதால் வந்து சேர மாதக்கணக்காகும். போனில் அக்கா கேட்கிற முதல் கேள்வி, கவுன் சரியாக இருந்ததா என்பதுதான். முதல் வருஷம் சரியாகத்தான் இருந்தது. இரண்டாம் வருஷம் இழுத்துப் பிடித்துச் சரி. மூன்றாம் வருஷத்திலிருந்து தலைக்குள் போகவே போராட்டம். ஆனால் சித்தி ஒவ்வொரு முறையும், "அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குக்கா" என்றே சொல்லிவந்தாள். என் கூண்டில் நின்றுதான் சொல்வாள். கதவு மூடியிருந்தாலும் எனக்குக் கேட்கும். நல்ல பொய்தானே என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

பிள்ளைக்குப் பத்து வயது நடந்தபோது, புதிதாக வந்த நீலக் கவுனைப் போட்டு ஒரு படம் அனுப்பச் சொல்லி அக்கா கேட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் வேலை செய்கிற வீட்டு மகள் தன் கம்ப்யூட்டரைப் பார்க்கக் கொடுப்பாளாம். சித்தி பிள்ளையோடும் கவுனோடும் கடைக்கு வந்தாள். ஆறு வயதுக் கவுன். ஜிப்பைப் பாதிதான் ஏற்ற முடிந்தது. இன்னும் கொஞ்சம் என்று நானே இழுத்தேன். நடுவில் பல் விலகிவிட்டது. ஜிப்பை இறக்கி, முதுகைத் திறந்தபடி விட்டு, இரண்டு பக்கமும் துணி கவ்வி போட்டு இழுத்து வைத்தேன். நெஞ்சுக்கு மேலே மட்டும், முன்பக்கமாக. "திரும்பாத, மூச்சை இழுத்துப் பிடி" என்றேன். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அழகாக வந்தது படம். அடுத்த வாரம் பதில் வந்தது, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: தன் மகளுக்கு என்ன அழகாகப் பொருந்தியிருக்கிறது, கடைக்கார அக்காவுக்கும் நன்றி என்று. அச்சடித்துச் சித்தியிடம் கொடுத்தேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் சித்தி ஒரு உரப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே ஏழு கவுன். லயத்துக் கூரை ஒழுகிப் பெட்டியெல்லாம் ஈரம் ஏறுகிறது, பூஞ்சணம் பிடித்து வீணாகப் போவதைவிட விற்றுவிட்டு, பிள்ளைக்கு அளவாக ஒரு உடுப்பு எடுக்கலாம் என்றாள்.

"நத்தாருக்குப் போட அதுக்கு ஒண்ணுமே இல்லீங்க. பொட்டி நெறைய கவுனு, போடத்தான் ஒண்ணுமில்ல."

நான் ஏழையும் மேசையில் விரித்து அளந்தேன். அக்குளுக்கு அக்குள் பதின்மூன்று அங்குலம், பதின்மூன்று, பதின்மூன்றரை, மறுபடி பதின்மூன்று. ஆறு வருஷத்தில் வாங்கிய ஏழு கவுனும் ஏறக்குறைய ஒரே வயதுப் பிள்ளைக்குத் தைத்தவை. அந்தத் தாய் விட்டுப் போன உயரத்துக்கு ஒரு விரல் கூட்டி, அதிலேயே நின்றுவிட்டாள். அப்போது எனக்கு அது தெரிந்தது, மனதிலும் பட்டது. ஆனால் முதலில் பட்டது, ஒரே சைஸில் ஏழு, சுலபமாக விற்கலாம் என்பதுதான். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அக்காவுக்குத் தெரியக் கூடாதுங்க. பேரு ஊரு ஒண்ணும் போட மாட்டீங்கதானே?" என்றாள் சித்தி.

"என் பக்கத்துல யாரு பேரும் வராது. பயப்படாத."

நீலக் கவுனைக் கையில் எடுத்தபோது அவளே கேட்டாள்: "இந்த ஜிப்பு விஷயம் எழுதணுங்களா? நீங்கதான் தைக்கிறீங்களே, வேற ஜிப்பு வச்சிரலாமே?"

பத்து நிமிஷ வேலை. நீல ஜிப் டப்பாவில் இருந்தது. "அதெல்லாம் வேணாம். உள்ளத உள்ளபடி எழுதுனாத்தான் நம்ம பக்கத்துக்கு மரியாதை" என்றேன். மறைத்துத் தைக்கச் சொன்ன பழைய முதலாளிக்குப் பதில் சொல்கிற மாதிரி அவளுக்குச் சொன்னேன். பாவம், அவள் வாயை மூடிக்கொண்டாள்.

நான் எழுதியது இதுதான். ஒரு சொல்லும் மறக்கவில்லை.

'சிறுமி கவுன். இளநீலம், நெஞ்சில் வெள்ளை லேஸ். லேபிளில் ஆறு வயது. அக்குளுக்கு அக்குள் பதின்மூன்று அங்குலம், தோளிலிருந்து ஓரம் வரை இருபத்தைந்து. போட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் போட்டோ எடுக்க மட்டும். துவைக்கவில்லை, கறை இல்லை, லேசாகப் புகை மணம் உண்டு. குறை: முதுகு ஜிப்பின் நடுவில் பல் விலகியிருக்கிறது, பத்து வயதுப் பிள்ளைக்குப் போட்டு இழுத்ததால். படம் பார்க்கவும். விற்கும் காரணம்: வெளிநாட்டிலிருந்து அம்மா அனுப்பியது. பிள்ளை வளர்ந்துவிட்டது, அம்மாவுக்குத் தெரியாது.'

கடைசி வரியை எழுதிவிட்டு நான் இரண்டு தரம் படித்து ரசித்தேன். தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து மூன்றாம் தரமும் படித்தேன். 'பிள்ளைக்குச் சின்னது' என்று இரண்டு சொல்லில் முடிக்க வேண்டியதை முடித்திருந்தால் வாங்குகிறவருக்கு ஒரு குறையும் இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

ஒரு மணி நேரத்துக்குள் பண்டாரவளையில் ஒரு ஆசிரியை தன் மகளுக்கென்று கேட்டுவிட்டார். ஜிப்பைத் தானே மாற்றிக்கொள்வதாகவும் எழுதினார். கீழே மற்றவர்கள் எழுதியது நீண்டுகொண்டே போனது. இப்படி உண்மையைச் சொல்லி யார் விற்கிறார்கள் என்று என்னைப் புகழ்ந்தார்கள். 'ஐயோ பாவம் அந்த அம்மா' என்று ஒரு தாதி எழுதினார். 'பாவம் என்ன, பிள்ளை வளரும் என்று தெரியாத அம்மாவா' என்று வேறொருத்தி. நான் எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு கவுனும் அந்த வாரமே போயின. ஆசிரியைக்குப் பார்சலைத் தபாலில் போட்டேன். உடுப்பு கையில் கிடைத்ததும், மகளுக்கு அச்சாகப் பொருந்துகிறதென்று அவர் எழுதினார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் கடை போன் அடித்தது. வெளிநாட்டு அழைப்பென்று எடுத்தவுடன் தெரிந்தது, நாம் சொல்வது போய்ச் சேர ஒரு நொடி பிடிக்கும்.

"அக்கா, நாந்தான் குவைத்துல இருந்து பேசுறேன். அந்தப் பொண்ணோட அம்மா."

அவளோடு நான் அதுவரை நேரடியாகப் பேசியதே இல்லை.

"சொல்லும்மா."

"நீங்க அனுப்புன பக்கத்த வெள்ளிக்கெழமையில பாப்பேன். நம்மூரு ஆளுங்க உடுப்புப் பாக்க ஆசையா இருக்கும். அந்த நீலக் கவுனு வித்துப்போச்சுங்களா?"

"வித்துருச்சும்மா."

"யாரு வாங்குனது?"

"பண்டாரவளையில ஒரு டீச்சர். அவங்க மகளுக்கு."

"அந்தப் பிள்ளைக்கு எத்தன வயசு?"

"ஆறு."

"சரியா இருந்துச்சாமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சரியா இருந்துச்சாம்" என்றேன்.

அவள் அழுதிருந்தால் நான் தப்பித்திருப்பேன், சமாதானம் சொல்லத் தொடங்கியிருப்பேன். அவள் அழவில்லை. ஒரு ஆள் கடைச் சாமானைப் பற்றி விசாரிக்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"அந்தப் போட்டோ நீங்கதானே எடுத்தீங்க?"

"ஆமா."

"அப்ப முதுகு தொறந்துதான் இருந்துச்சு."

"ஆமாம்மா."

"வாங்குறவங்களுக்கு எல்லாத்தையும் எழுதுறீங்கக்கா. எத்தன அங்குலம், எங்க கிழிஞ்சிருக்கு, ஏன் கிழிஞ்சிச்சு, அம்புட்டும். நல்ல விஷயந்தான். அன்னைக்கு எனக்கும் ஒரு வரி எழுதியிருக்கலாமில்ல?"

முகம் தெரியாத ஆசிரியைக்கு ஜிப்பின் பல்லைப் படம் எடுத்துக் காட்டினேன். பெற்றவளுக்குப் பிள்ளையின் முன்பக்கத்தை மட்டும் காட்டினேன். இரண்டையும் செய்தது இதே கைதான். இரண்டிலும் நல்லது செய்வதாகவே எனக்கு நினைப்பு.

கடைசியில், "அவளக் கூட்டிட்டு வரச் சொல்லி அளவெடுத்து உங்களுக்கு அனுப்புறேன்மா. நெஞ்சு, தோளு, ஒசரம், எல்லாம்" என்றேன்.

"வேணாங்க்கா. பொட்டி வந்து சேர்றதுக்குள்ள இன்னும் வளந்துருவா." பிறகு தங்கைக்காகப் பேசினாள். "தங்கச்சிய ஏசாதீங்க. நான் கவலைப்படக் கூடாதுன்னுதான் சொல்லியிருப்பா. கார்டு முடியப் போவுது, வச்சிர்றேன்."

நான் அந்தப் பதிவை எடுத்துவிட்டேன். விற்கும் காரணம் என்ற வரியை எல்லாப் பதிவிலிருந்தும் நீக்கினேன். ஆட்கள் ஏனென்று கேட்டார்கள், நேரமில்லை என்று சொன்னேன். அடுத்த வருஷத்தில் பக்கத்தையே மூடிவிட்டேன். அதற்குக் கடை வாடகை, கம்ப்யூட்டர் பழுது என்று வேறு காரணங்களும் இருந்தன. எல்லாவற்றையும் அந்த ஒரு கவுனின் தலையில் கட்டினால் அதுவும் நான் ஜோடிக்கிற உண்மையாகிவிடும்.

சித்தி அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. கோயிலில் பார்த்தால் தலையை ஆட்டுவாள், நிற்க மாட்டாள். நான் ஒருமுறை ஓடிப்போய் வழியை மறித்து, "என்னய மன்னிச்சிரு" என்றேன். "நீங்க என்னங்க பண்ணுவீங்க, உள்ளதத்தானே எழுதுனீங்க" என்றாள். குத்திக் காட்டினாளா, நிஜமாகவே சொன்னாளா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளை தனியாகக் கடைக்கு வந்தாள். பன்னிரண்டு வயது, பள்ளிச் சட்டையின் கை முழங்கைக்கு மேலே ஏறியிருந்தது. கையில் ஒரு பை. உள்ளே வெட்டாத துணி, மூன்று மீட்டர், மஞ்சளில் சின்னச் சின்ன இலை போட்டது. குவைத்துப் பெட்டியில் இந்த முறை கவுன் இல்லை, துணிதான் வந்ததாம்.

"ஒங்ககிட்ட குடுத்துத் தைக்கச் சொன்னாங்க அம்மா" என்றாள்.

"என்கிட்டயா?"

"ஆமாங்க. நீங்கதான் அளவு சரியா எடுப்பீங்களாம்."

அவளை நிறுத்தி வைத்து நாடாவைத் தோளில் போட்டேன். பின்கழுத்தைக் காட்டி நின்றாள். தோள் பதின்மூன்று. நெஞ்சுச் சுற்று முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. எழுதிக்கொண்டே, பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று, அம்மா சுகமா, போன் பேசுவாங்களா என்று கேட்டேன்.

"பேசுவாங்க. வாராவாரம்."

"என்ன பேசுவாங்க?"

"படிக்கிறியா, சித்திக்கு ஒத்தாசையா இருக்கியான்னு கேப்பாங்க." அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, நாடா அவள் முதுகில் இருந்தது. "முந்தியெல்லாம் என்னய பாப்பான்னுதான் கூப்பிடுவாங்க. அந்தக் கவுனு வித்ததுக்கு அப்பறம் பேரு சொல்லித்தான் கூப்பிடுறாங்க."

உயரத்தை இரண்டு தரம் அளந்தேன். ஒரு வாரத்தில் தைத்து முடித்து, போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஜிப் ஒரே இழுப்பில் கழுத்து வரை ஏறியது. எங்கேயும் இறுக்கமில்லை, எங்கேயும் தொளதொளப்பில்லை. கண்ணாடி முன்னால் அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். நான் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.